புதிய ஆலையின் கடன் வட்டி: எந்தத் தேதியில் நிறுத்துவது?

ஓசூர் சிப்காட்டில் தொடங்கி சூளகிரி, பர்கூர், போச்சம்பள்ளி வரை புதிய ஆலைகள் எழுந்துகொண்டே இருக்கின்றன. பெரும்பாலானவை வங்கியின் டெர்ம் லோனில் எழுபவை. கட்டும் காலத்து வட்டியைச் செலவாக எழுதாமல் ஆலையின் விலையோடு சேர்க்க வேண்டும் என்பது கணக்குப் பிரிவில் எல்லோருக்கும் தெரியும். சேர்ப்பதை எந்த நாளில் நிறுத்துவது என்பதில்தான் தடுமாற்றம். திறப்பு விழா வரை சேர்ப்பவர்கள் உண்டு, முதல் விற்பனை பில் போடும் வரை சேர்ப்பவர்கள் உண்டு. வங்கி தந்த மாரட்டோரியம் முடியும் வரை சேர்ப்பவர்கள்தான் அதிகம். மூன்றுமே தவறான தேதிகள். ஆகவே மற்ற படிகளைச் சுருக்கி, நிறுத்தும் தேதிக்கு இங்கே அதிக இடம் தருகிறேன்.

விதிகள் இரண்டு இடங்களில் உள்ளன. பெரிய நிறுவனங்களுக்கு இண்டு ஏஎஸ் 23, மற்றவர்களுக்கு ஏஎஸ் 16. நாம் பேசப்போகும் விஷயத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றையே சொல்கின்றன.

கணக்கைக் கண்ணால் பார்க்க ஒரு மாதிரி ஆலையை வைத்துக்கொள்வோம். சூளகிரி பக்கம் வண்டி உதிரிபாகம் செய்யும் ஆலை. இரண்டு பகுதிகள்: 14 கோடி ரூபாய்க்கு மெஷின் ஷாப், 10 கோடிக்கு பெயின்ட் ஷாப். 24 கோடியும் இந்த ஆலைக்கென்றே வாங்கிய டெர்ம் லோன், வட்டி 10 சதவீதம். எண்கள் எளிமைக்காக நான் வைத்தவை.

படி 1: சொத்து தகுதியுள்ளதா?

பயன்பாட்டுக்குத் தயாராகக் கணிசமான காலம் எடுக்கும் சொத்துக்கு மட்டுமே வட்டியைச் சேர்க்கலாம். பொதுவாக 12 மாதம் என்பது ஏஎஸ் 16 தரும் அளவுகோல். வந்திறங்கிய வாரத்தில் ஓடத் தொடங்கும் ஃபோர்க்லிஃப்டுக்கு வட்டி சேர்க்க முடியாது. நம் மாதிரி ஆலை 12 மாதத்தைத் தாண்டுகிறது. அடுத்த படிக்குப் போகலாம்.

படி 2: தொடங்கும் தேதி

மூன்று நிபந்தனைகள் ஒரே நேரத்தில் நிறைவேறியிருக்க வேண்டும்: சொத்துக்காகப் பணம் செலவாகியிருக்க வேண்டும், வட்டி ஓடத் தொடங்கியிருக்க வேண்டும், சொத்தைத் தயார்படுத்தும் வேலை நடந்துகொண்டிருக்க வேண்டும். மூன்றில் எது கடைசியாக நிறைவேறுகிறதோ அந்த நாள்தான் தொடக்கம்.

நம் மாவட்டத்திலேயே இதற்கு உதாரணம் உண்டு. போச்சம்பள்ளியில் ஓலா எலெக்ட்ரிக் கட்டிய ஆலைக்குத் தமிழ்நாடு அரசுடன் ஒப்பந்தம் 2020 டிசம்பரில் ஆனது. 2021 பிப்ரவரி இறுதியில் கட்டுமானம் தொடங்கியது. பாங்க் ஆஃப் பரோடாவுடன் 10 கோடி டாலருக்குப் பத்தாண்டுக் கடன் ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டது 2021 ஜூலையில். நிறுவனம் தன் ஏட்டில் எப்படிப் பதிந்தது என்பது நமக்கு வேண்டாம், தேதிகளின் வரிசையை மட்டும் பாருங்கள். வேலை தொடங்கி நான்கு மாதத்துக்கு மேல் ஆன பிறகு வருகிற கடனுக்கு, பணம் எடுத்து வட்டி ஓடும் நாளுக்கு முன்னால் சேர்ப்பதற்கு எதுவும் கிடையாது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நாளுக்கும் இந்தக் கணக்குக்கும் தொடர்பில்லை.

வேலை என்றால் கடப்பாரை மண்ணில் இறங்கியிருக்க வேண்டும் என்பதில்லை. வரைபடம் தயாரிப்பதும், அனுமதிக்கு விண்ணப்பித்து அதன் பின்னால் அலைவதும் வேலைதான். சிப்காட் மனையை 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்துவிட்டு, விலை ஏறட்டும் என்று வேலி மட்டும் போட்டு வைத்திருந்தால் அது வேலை ஆகாது. அந்த மாதங்களின் வட்டி நேராக லாப நட்டக் கணக்குக்குப் போக வேண்டும்.

படி 3: எவ்வளவு சேர்ப்பது?

ஆலைக்கென்றே வாங்கிய கடன் என்றால் கணக்கு எளிது. உண்மையில் ஏறிய வட்டியை எடுங்கள். செலவாகாமல் கிடந்த பணத்தைத் தற்காலிகமாக டெபாசிட்டில் போட்டு வந்த வருமானத்தைக் கழியுங்கள். மீதியைச் சேருங்கள்.

நம் ஆலையில் 2024 ஜூலை 1 அன்று 12 கோடி எடுத்தார்கள். அன்றே வேலை தொடங்கி, 8 கோடி செலவானது. 4 கோடியை மூன்று மாதம் 6 சதவீத டெபாசிட்டில் போட்டார்கள். மூன்று மாத வட்டி 30 லட்சம், டெபாசிட் வருமானம் 6 லட்சம். ஆக ஆலையில் சேர்வது 24 லட்சம். அக்டோபர் 1 அன்று மீதி 12 கோடியையும் எடுத்து இயந்திரங்களுக்குக் கட்டினார்கள். அதிலிருந்து மாத வட்டி 20 லட்சம்.

கேஷ் கிரெடிட், பழைய கடன் என்று பொதுப் பணத்திலிருந்தும் ஆலைக்குச் செலவு செய்திருந்தால் சராசரி வட்டி விகிதம் தேவைப்படும். 6 கோடிக்கு 9 சதவீதம், 4 கோடிக்கு 11.5 சதவீதம் என்றால் ஆண்டு வட்டி 54 லட்சமும் 46 லட்சமும் சேர்ந்து 1 கோடி. அதை 10 கோடியால் வகுத்தால் 10 சதவீதம். பொதுப் பணத்திலிருந்து ஆலைக்குப் போன தொகையை, போன நாட்களுக்கு ஏற்ப, இந்த விகிதத்தால் பெருக்குங்கள். வரும் விடை அந்த ஆண்டில் உண்மையில் ஏறிய வட்டியைத் தாண்டக் கூடாது. இந்தப் பெருக்கலை மாதக் கணக்கிலேயே செய்யுங்கள். ஆண்டு முடிவில் மொத்தமாகச் செய்தால் எந்தப் பணம் எந்த மாதம் போனது என்பது யாருக்கும் நினைவிருக்காது.

படி 4: வேலை நின்ற மாதங்கள்

வேலை நீண்ட காலம் நின்றுபோனால் வட்டி சேர்ப்பதும் நிற்க வேண்டும். நம் ஆலையில் ஒப்பந்ததாரரோடு பணத் தகராறு வந்து டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி மூன்று மாதமும் சைட் பூட்டிக் கிடந்தது. அலுவலகத்திலும் ஆலைக்கான தொழில்நுட்ப வேலை எதுவும் நடக்கவில்லை. அந்த 60 லட்சம் லாப நட்டக் கணக்குக்கே போகும். 2020 மார்ச் 25 அன்று தொடங்கிய ஊரடங்கில் பூட்டிக் கிடந்த கட்டுமானங்களுக்கும் இதே விதிதான்.

எல்லாத் தாமதமும் இப்படிப்பட்டதல்ல. மழை பெய்து அஸ்திவாரக் குழியில் பத்து நாள் தண்ணீர் நின்றால், கான்கிரீட் இறுக நாள் விட்டால், அது கட்டுமானத்தின் இயல்பான பகுதி. அப்போது வட்டி தொடர்ந்து சேரும். சைட்டில் கொத்தனார் இல்லாவிட்டாலும், இயந்திர வரைபடங்களைச் சரிபார்ப்பது போன்ற கணிசமான வேலை அலுவலகத்தில் நடந்திருந்தாலும் சேரும். ஆனால் அதற்குத் தேதியிட்ட தாள் வேண்டும்.

2024-25 முடிவில் நம் கணக்கு இது: மொத்த வட்டி 150 லட்சம். அதில் 60 லட்சம் செலவு. மீதி 90 லட்சத்தில் டெபாசிட் வருமானம் 6 லட்சம் போக 84 லட்சம் ஆலையின் விலையில் சேர்கிறது.

படி 5: நிறுத்தும் தேதி

இங்கே நிதானமாகப் படியுங்கள். சொத்தை உத்தேசித்த பயன்பாட்டுக்குத் தயார்படுத்தத் தேவையான வேலைகள் கணிசமாக எல்லாம் முடிந்த நாளோடு வட்டி சேர்ப்பது நின்றுவிட வேண்டும். பயன்படுத்தத் தொடங்கிய நாளைக் கணக்கியல் விதி கேட்கவில்லை. தயாரான நாளைத்தான் கேட்கிறது. தயாரான ஆலையை மூன்று மாதம் ஓட்டாமல் வைத்திருந்தால் அந்த மூன்று மாத வட்டி செலவுதான். காம்பவுண்டுச் சுவருக்கு வண்ணம், கேன்டீனுக்கு நாற்காலி, வழக்கமான அலுவலகக் காகித வேலை ஆகியவை பாக்கியிருப்பதால் தேதி தள்ளிப்போகாது.

நம் ஆலையின் தேதிகளை வரிசையாகப் பாருங்கள். 2025 மார்ச் 1 அன்று வேலை மீண்டும் தொடங்கியது. ஜூலை 31 அன்று மெஷின் ஷாப்பில் டிரையல் ரன் முடிந்து, அளவுக்குள் பாகங்கள் வந்தன. பெயின்ட் ஷாப் அதே நிலைக்கு வந்தது அக்டோபர் 31 அன்று. டிசம்பர் 15 அன்று வாடிக்கையாளரிடமிருந்து சாம்பிள் அப்ரூவல் வந்தது. 2026 ஜனவரி 20 திறப்பு விழா. வங்கியின் கடன் தாளில் வணிக உற்பத்தி தொடங்கும் தேதியாக, அதாவது டிசிசிஓவாக, எழுதியிருப்பது 2026 மார்ச் 31.

டிசிசிஓ என்பது கடனை வங்கி எப்படி வகைப்படுத்த வேண்டும், திருப்பிச் செலுத்துதல் எப்போது தொடங்க வேண்டும் என்பதற்காக இருக்கும் தேதி. தாமதம் வந்தாலும் தாங்க வேண்டும் என்று சற்றுத் தள்ளியே வைப்பார்கள். மாரட்டோரியம் அதையும் தாண்டி ஓடலாம். கட்டுமானக் கால வட்டியைத் திட்டச் செலவில் சேர்த்து வங்கியே கடன் தந்திருப்பதால், அந்தத் தொகை தீரும் வரை சேர்க்கலாம் என்று நினைத்துவிடுகிறார்கள். வங்கி அனுமதித்த தொகை உச்ச வரம்பு, அவ்வளவுதான். ஆலை முன்னதாகத் தயாரானால் மீதித் தொகை திட்டச் செலவில் மிச்சம். திறப்பு விழா யாருக்கு நேரம் கிடைக்கிறது என்பதைப் பொறுத்தது. அதற்கும் இயந்திரத்தின் நிலைக்கும் சம்பந்தம் இல்லை.

சாம்பிள் அப்ரூவலில்தான் உண்மையான சிக்கல். ஓசூர் வட்டாரத்தின் உதிரிபாக ஆலைகளில் வாடிக்கையாளர் ஒப்புதல் இல்லாமல் ஒரு பாகம்கூட விற்க முடியாது. அதனால் ஒப்புதல் வரும் வரை ஆலை தயாரில்லை என்று உற்பத்தி மேலாளரே வாதிடுவார். அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ஒப்புதலுக்குக் காத்திருந்த நாட்களில் எதைத் திருத்தினீர்கள்? இயந்திரத்தையா, காகிதத்தையா? ஃபிக்ஸ்சர் மாற்றினோம், ஸ்பிண்டில் அதிர்ந்தது, சப்ளையரின் ஆட்கள் வந்து மறுபடி அலைன்மென்ட் செய்தார்கள் என்றால் அது இன்னும் சோதனைக் காலம்தான், வட்டி சேரும். பாகம் முதல் நாளே அளவுக்குள் வந்தது, அறிக்கை அவர்கள் மேசையில் கிடந்தது என்றால் ஆலை தயாராகிவிட்டது. காத்திருந்தது விற்பனை மட்டும்தான், வட்டி சேராது. நம் ஆலையில் அக்டோபர் 31க்குப் பிறகு எந்த இயந்திரத்திலும் யாரும் கைவைக்கவில்லை. எனவே டிசம்பர் 15 நமக்குத் தேவையில்லாத தேதி.

அரசு அனுமதிகளுக்கும் இதே பார்வைதான், ஒரு வேறுபாட்டோடு. உயர் அழுத்த மின் இணைப்பு வராமல் சோதனை ஓட்டமே நடத்த முடியவில்லை என்றால் ஆலை தயாரில்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இயக்க இசைவு இல்லாமல் பெயின்ட் ஷாப்பைச் சட்டப்படி ஓட்டவே முடியாது என்றாலும் அப்படித்தான். ஆனால் தயாரில்லை என்பதால் மட்டும் வட்டி சேர்ந்துவிடாது. வேலை நடந்துகொண்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனை அப்போதும் இருக்கிறது. உரிய நேரத்தில் விண்ணப்பித்து, ஆய்வு நடந்து, வழக்கமான அவகாசத்தில் இசைவு வந்தால் அந்த நாட்கள் சேரும். ஆலை முடிந்து இரண்டு மாதம் கழித்துத்தான் விண்ணப்பமே போட்டீர்கள் என்றால் அந்த இரண்டு மாத வட்டியைச் சேர்க்க விடமாட்டேன். இது படி 4இன் விதிதான், இறுதிக் கட்டத்துக்கும் பொருந்தும்.

படி 6: பகுதி பகுதியாக முடிந்தால்

நம் ஆலையில் ஜூலை 31இல் மெஷின் ஷாப் தயார், அக்டோபர் 31இல் பெயின்ட் ஷாப் தயார். எந்தத் தேதியை எடுப்பது? விடை ஒரு விஷயத்தில் இருக்கிறது: பெயின்ட் அடிக்காத பாகத்தை விற்க முடியுமா? முடியும் என்றால் மெஷின் ஷாப் தனியாகப் பயன்படக்கூடிய பகுதி. அதற்கு ஜூலை 31 அன்றே வட்டி நிற்கும். முடியாது என்றால், ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும் வேலைகளில் அது ஒரு கட்டம் மட்டுமே. முழு ஆலையும் முடியும் வரை இரண்டுக்கும் சேர்க்கலாம். விதி தரும் உதாரணங்களும் இவைதான்: பல கட்டடங்கள் கொண்ட வணிகப் பூங்காவில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனித் தேதி, உருக்காலைக்கு ஒரே தேதி.

இந்த முடிவை ஜூலையில் எடுக்க உட்காராதீர்கள். திட்ட அறிக்கையிலேயே எழுதுங்கள். பெயின்ட் அடிக்காத பாகத்துக்கு ஆர்டர் இருக்கிறது என்று அதில் இருந்தால் விடை அங்கேயே கிடைத்துவிடும். நம் ஆலையில் அப்படி ஆர்டர் இருந்தது என்று வைத்துக்கொள்வோம்.

2025-26 கணக்கு இப்படி வரும். ஏப்ரல் முதல் ஜூலை வரை நான்கு மாத வட்டி 80 லட்சம் முழுவதும் ஆலையில் சேரும். ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை மூன்று மாத வட்டி 60 லட்சம். அதில் பெயின்ட் ஷாப்பின் 10 கோடிக்கு உரிய 25 லட்சம் சேரும், மெஷின் ஷாப்பின் 14 கோடிக்கு உரிய 35 லட்சம் செலவு. நவம்பர் முதல் மார்ச் வரை 100 லட்சமும் செலவு. ஆண்டின் 240 லட்சத்தில் சேர்வது 105, செலவு 135.

டிசிசிஓ வரை சேர்த்தவர் அந்த 1 கோடியே 35 லட்சத்தையும் சொத்தில் ஏற்றியிருப்பார். லாபம் அந்த அளவு கூடித் தெரியும். வட்டி நிற்கும் நாளிலேயே தேய்மானம் தொடங்க வேண்டும் என்பதால், அவர் தேய்மானத்தையும் மார்ச் வரை தள்ளியிருப்பார். ஒரு தேதி தவறினால் லாபத்தில் இரண்டு தவறுகள் விழும்.

இண்டு ஏஎஸ் பின்பற்றுவோருக்கு இன்னொரு குறிப்பு. 2019 ஏப்ரல் 1 முதல் அமலான திருத்தத்தின்படி, சொத்து தயாரான பிறகும் பாக்கியிருக்கும் தனிக் கடன் பொதுக் கடன்களோடு சேர்ந்துவிடும். பக்கத்து மனையில் அடுத்த ஆலையைப் பொதுப் பணத்தில் கட்டிக்கொண்டிருந்தால், அதற்கான சராசரி விகிதக் கணக்கில் இந்த 24 கோடியும் அதன் வட்டியும் நுழையும். இதை மறந்த கோப்புகளே அதிகம்.

படி 7: கோப்பு

நிறுத்தும் தேதியைக் கணக்காளர் தனியாக முடிவு செய்யக் கூடாது. உற்பத்தித் தலைவரும் திட்டப் பொறியாளரும் கையெழுத்திட்ட ஒரு பக்கக் குறிப்பு வேண்டும்: எந்தப் பகுதி, எந்த நாளில், எந்தச் சோதனையில் தேறித் தயாரானது என்று. அதன் பின்னால் இயந்திர சப்ளையரின் கமிஷனிங் அறிக்கை, டிரையல் ரன் பதிவேடு, மின் ஆய்வுச் சான்று, இயக்க இசைவு ஆகியவற்றை வையுங்கள். குறிப்பு அந்த வாரத்திலேயே எழுதப்பட வேண்டும். ஆண்டு முடிவில் தணிக்கையாளர் கேட்ட பிறகு எழுதிய குறிப்பை நான் ஏற்பதில்லை.

தேதியை மறைத்தாலும் வேறு இடத்தில் வெளிப்படும். முன்பதிவு செய்த மின்சுமையில் உண்மையில் எவ்வளவு எடுத்தீர்கள் என்று மின் கட்டண பில் காட்டும். அக்டோபரிலேயே மூலப்பொருள் உள்ளே வந்து உருமாறி வெளியே போயிருந்தால் ஜிஎஸ்டி பில்கள் சொல்லும். நானும் இந்த இரண்டைத்தான் முதலில் கேட்பேன். தவிர, 2021 ஏப்ரல் 1 முதல் நிறுவனச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணைப்படி, முடியாத மூலதனப் பணிகளை வயது வாரியாகப் பிரித்துக் காட்ட வேண்டும். கெடு தாண்டியவற்றையும் செலவு மீறியவற்றையும் தனியாகச் சொல்ல வேண்டும். தயாரான ஆலையை இன்னும் முடியாத பணி என்று வைத்திருந்தால் அங்கே பதில் சொல்லியாக வேண்டும்.

படி 8: வருமான வரிக்குத் தனிப் பத்தி

இதுவரை போட்ட கணக்கை அப்படியே வரிக் கணக்கில் ஒட்டாதீர்கள். இந்த ஆலைக்குப் பொருந்தும் 1961 சட்டத்தின் 36ஆம் பிரிவும் ஐசிடிஎஸ் 9ம் மூன்று இடங்களில் வேறு வழியில் போகின்றன.

முதலாவது, தேதிகள். தனிக் கடனுக்கு, கடன் பெற்ற நாளிலிருந்து சொத்தை முதன்முதலில் பயன்பாட்டுக்குக் கொண்டுவரும் நாள் வரை வட்டியைச் செலவாகக் கழிக்க முடியாது, சொத்தின் விலையில் ஏற்ற வேண்டும். ஏட்டில் தயாரான நாள், வரியில் பயன்படுத்திய நாள். மெஷின் ஷாப் ஜூலை 31இல் தயாராகி அக்டோபரில்தான் ஓடியது என்றால் இடைப்பட்ட வட்டி ஏட்டில் செலவு, வரியில் சொத்து.

இரண்டாவது, வேலை நின்ற காலம். ஐசிடிஎஸ் 9இல் இடைநிறுத்தம் என்ற ஏற்பாடே இல்லை. நாம் செலவாக எழுதிய அந்த 60 லட்சத்தை வரிக் கணக்கில் திருப்பிச் சேர்த்து, சொத்தின் விலையில் ஏற்ற வேண்டும்.

மூன்றாவது, டெபாசிட் வருமானம். ஏட்டில் 6 லட்சத்தை வட்டியிலிருந்து கழித்தோம். வரியில் அது தனி வருமானம். இதற்கு அடித்தளம் நம் மாநிலத்து வழக்கு: தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் நிறுவனம் உற்பத்தி தொடங்கும் முன் கடன் பணத்தைக் குறுகிய கால டெபாசிட்டில் போட்டு ஈட்டிய வட்டி பிற வகை வருமானமாக வரிக்கு உரியது என்று உச்ச நீதிமன்றம் 1997இல் தீர்ப்பளித்தது.

ஆகவே ஒவ்வொரு கடனுக்கும் ஒரே தாளில் இரண்டு பத்திகள் போடுங்கள், இடதில் ஏடு, வலதில் வரி. ஒவ்வொரு மாதமும் இரண்டையும் நிரப்புங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஒத்திவைத்த வரிக் கணக்குக்கு அடிப்படை. 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால், அதன் பிறகான மாதங்களுக்கு வலது பத்தியில் பிரிவு எண்களைப் புதிய சட்டத்தோடு சரிபார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.